பணம் கட்டும் பக்கத்தில் 140 பேர் போனது எங்கே? ஃபனலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று காட்டுவதுதான் ஃபனல். அதைப் பார்க்கப் புதிதாக உட்காருகிறவர்கள் கார்ட்டில் தொடங்கி பணம் கட்டி முடிப்பதுவரை ஐந்து பட்டைகளை வரிசையாக அடுக்குகிறார்கள். எந்தப் பட்டை சட்டென்று குட்டையாகிறதோ அங்கேதான் ஆட்கள் போய்விட்டார்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நம்பி யாரோ ஒருவர் இரண்டு மாதம் உட்கார்ந்து பணம் கட்டும் பக்கத்தையே மாற்றி எழுதுவார். எண்ணிக்கை அசையாது.

ஒவ்வொரு படியையும் தளம் ஒரு ஈவென்ட்டாகப் பதிகிறது. அந்த ஈவென்ட் பெயரில் எழுத்துப்பிழை, ஒரு பக்கத்தில் டேக் விட்டுப்போனது போன்றவை சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணில் படாதவைதான் இங்கே.

## கடைசி ஈவென்ட்டையே கைவிட்ட இடமாக எடுத்துக்கொள்வது

இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதிகம் நஷ்டம் வைப்பதும், திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

`view_cart` 1000 பேர், `begin_checkout` 620, `add_shipping_info` 410, `add_payment_info` 380, `purchase` 240.

கார்ட்டில் கழன்ற 380 பேரில் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொருளை எடுத்து வைத்தவர்கள். முகவரிவரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் காணாமல் போன 140 பேர் அப்படியல்ல. வாங்குகிற எண்ணத்தோடு வந்தவர்கள். அதனால் அங்கே பார்ப்பது சரிதான். ஆனால் ‘பணம் கட்டும் பக்கம் சரியில்லை, 140 பேர் போய்விட்டார்கள்’ என்று முடிப்பது தவறு. இரண்டு ஈவென்ட்டுகளுக்கு நடுவே இருப்பது ஒரு படி அல்ல. பக்கம் திறக்கிறது, மொத்தத் தொகை தெரிகிறது, கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கிறார், பட்டனை அழுத்துகிறார், பேமென்ட் கேட்வேக்குப் போகிறார், வங்கியின் பக்கத்தில் ஓடிபி போடுகிறார், திரும்பி வருகிறார், நன்றிப் பக்கம் திறக்கிறது. இத்தனையும் அந்த ஒரே இடைவெளிக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் `add_payment_info` எப்போது கிளம்புகிறது என்று கோடைத் திறந்து பாருங்கள். பக்கம் திறந்ததுமா, முறையைத் தேர்ந்தெடுத்த பிறகா, பட்டனை அழுத்திய பிறகா? பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். இந்தக் கணக்கில் அது பக்கம் திறந்ததும் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, அந்த 140 பேரையும் சர்வரில் இருக்கிற பேமென்ட் டேபிளோடு பொருத்த வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஈவென்ட்டோடும் `checkout_id` போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் இன்றே சேர்த்துவிட்டு, ஒரு வாரத் தரவு சேர்ந்த பிறகு தொடருங்கள்.

```sql
SELECT f.checkout_id, p.status, p.reason
FROM funnel_last_step f
LEFT JOIN payments p
  ON p.checkout_id = f.checkout_id
WHERE f.last_event = 'add_payment_info';
```

`funnel_last_step` ஒவ்வொரு செக்அவுட்டும் கடைசியாக அனுப்பிய ஈவென்ட்டை வைத்திருக்கிறது. பட்டனை அழுத்தினால்தான் `payments` டேபிளில் வரி விழும். ஆகவே `status` `NULL` என்று வந்தவர்கள் பட்டனையே தொடாதவர்கள். ஒருவர் மூன்று முறை முயன்றிருந்தால் மூன்று வரி வரும். அதில் ஒன்று வெற்றியென்றாலும் அவரைப் பணம் கட்டியவராகவே எண்ணுங்கள்.

இப்போது அந்த 140 மூன்றாகப் பிரிகிறது.

38 பேர் பணம் கட்டிவிட்டார்கள். அவர்கள் போகவே இல்லை. `purchase` நன்றிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. போனில் பணம் கட்டும் செயலிக்குப் போனவர், பணம் போய்விட்டது என்று தெரிந்ததும் பிரவுசருக்குத் திரும்பவில்லை. நன்றிப் பக்கமும் திறக்கவில்லை. வாடிக்கையாளரை இழந்ததாக நினைத்து, ஏற்கனவே வாங்கியவருக்கே ‘உங்கள் கார்ட் காத்திருக்கிறது’ என்று மெயில் அனுப்புவது இப்படித்தான் நடக்கிறது. அவருக்கு எவ்வளவு பதற்றமாக இருக்கும் என்று யோசியுங்கள். கேட்வே அனுப்பும் வெப்ஹூக் வந்ததும் சர்வரில் பதிவதை மட்டுமே வாங்கியதற்கான கணக்காக வையுங்கள். இதைத் திருத்தினாலே இந்தப் படியின் வெற்றி 63 சதவீதத்திலிருந்து 73 ஆகிறது. பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

46 பேர் பட்டனைத் தொடவே இல்லை. இவர்களுக்கும் கேட்வேக்கும் சம்பந்தமே இல்லை. இவர்கள் பார்த்தது மொத்தத் தொகையைத்தான். கார்ட்டில் காட்டிய தொகையும் இங்கே காட்டிய தொகையும் ஒன்றுதானா என்று பிரித்துப் பாருங்கள். பக்கத்துக்கு வந்த 380 பேரில் 190 பேருக்கு டெலிவரி கட்டணம் சேர்ந்து தொகை ஏறியிருக்கிறது. அவர்களில் 37 பேர் போயிருக்கிறார்கள். ஏறாத 190 பேரில் 9 பேர்தான். தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் கட்டணம் ஏறும் என்றால், போனதற்குத் தாமதமான டெலிவரி தேதியும் காரணமாக இருக்கலாம். அதனால் கட்டணத்தைக் கார்ட்டிலேயே காட்டி, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் விட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்படிச் செய்தால் கார்ட்டிலேயே சிலர் நின்றுவிடுவார்கள். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். கடைசியில் வாங்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுங்கள்.

மீதி 56 பேர் பட்டனை அழுத்தியவர்கள். இவர்களில் 17 பேருக்கு மறுப்பு வந்திருக்கிறது: கணக்கில் பணம் போதவில்லை, ஓடிபி தவறு என்று `reason` சொல்கிறது. அதில் பெரும்பகுதி நம் கையில் இல்லை. 39 பேருக்குப் பதிலே வரவில்லை. நிலை `created` என்றே நிற்கிறது. இந்த 39ஐ எந்த பிரவுசர், எந்தக் கட்டும் முறை என்று பிரித்தால் 31 பேர் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள்: ஆண்ட்ராய்டு போன், வேறொரு செயலிக்குள்ளேயே திறந்த பிரவுசர், பணம் கட்டும் செயலி வழியாகக் கட்டுதல்.

அதே வழியில் ஒரு போனை வைத்துக்கொண்டு நீங்களே போய்ப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் செயலி திறக்காமல் வெள்ளைத் திரையில் `net::ERR_UNKNOWN_URL_SCHEME` என்று வந்து நிற்கும். செயலிக்குள் திறக்கும் இந்த பிரவுசர் ஆண்ட்ராய்டு வெப்வியூ. வேறொரு செயலியைத் திறக்கும் `intent://` போன்ற முகவரிகளை அது தானாகக் கையாளாது. அந்த பிரவுசரை உள்ளே வைத்திருக்கும் செயலியை எழுதியவர் தனியாக வழி செய்திருக்க வேண்டும். ‘பணம் கட்டும் பக்கம்’ என்று சுட்டிக்காட்டிய இடம் கடைசியில் இந்த ஒரு திரையாகச் சுருங்குகிறது. இங்கே வந்தவரை வழக்கமான பிரவுசரில் திறக்கச் சொல்வதோ, கார்டு வழியை முன்னால் வைப்பதோ போதும். பட்டனின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தால் இந்த 31 பேரில் ஒருவர்கூடத் திரும்பியிருக்க மாட்டார்.

## ஈவென்ட்டை எண்ணிவிட்டு ஆட்கள் என்று எழுதுவது

ஒருவர் கார்ட்டை ஆறு முறை திறந்தால் ஆறு `view_cart`. அவர் ஒருவர்தான்.

## கார்ட்டைத் தொடாமல் வருபவர்களைக் கலப்பது

‘இப்போதே வாங்கு’ பட்டன் இருந்தால் அதை அழுத்துகிறவர்கள் நேராக செக்அவுட்டுக்கு வருவார்கள். எந்தப் படியில் நுழைந்தாலும் எண்ணுகிற ஓப்பன் ஃபனலில் இவர்களும் சேர்ந்துகொள்வதால் கார்ட்டில் ஏற்பட்ட இழப்பு குறைவாகத் தெரியும். இரண்டாவது படி முதல் படியைவிடப் பெரிதாக வந்தால் காரணம் அநேகமாக இதுதான். இவர்களுக்குத் தனி ஃபனல் போடுங்கள்.

## நேற்றைய கார்ட்டை இன்று படிப்பது

முதலில் கார்ட்டில் போட்ட நாளுக்கும் வாங்கிய நாளுக்கும் நடுவே எத்தனை நாள் ஆகிறது என்று பழைய ஆர்டர்களில் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் நான்கு நாளுக்குள் வாங்குகிறார்கள் என்றால், கடைசி நான்கு நாளில் தொடங்கியவர்களை ஃபனலில் சேர்க்காதீர்கள். அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.