லோ சோடியம் உப்புக்கு மாறிய நோயாளி: ரீனல் டயட் கேஸ் கேள்விக்கு விடை எழுதும் முறை

டயட்டெட்டிக்ஸ் தேர்வில் சிறுநீரக நோய் பற்றிய கேஸ் கேள்வி வந்தால், பெரும்பாலான மாணவர்கள் உடனே ஒரு தடைப் பட்டியல் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். உப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, பருப்பு கூடாது, கீரை கூடாது. அந்தப் பட்டியலைப் பின்பற்றுகிற நோயாளி ஒரே மாதத்தில் எடை இழந்து, தசை கரைந்து திரும்பி வருவார். எதைக் குறைக்க வேண்டும், எவ்வளவு, எதைத் தொடவே வேண்டாம் என்பதையெல்லாம் கேள்வியில் உள்ள எண்களும் அவர் சாப்பிடும் விவரமும்தான் சொல்ல வேண்டும். ஒரு கேள்வியை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். இது மாணவர்களுக்கான பயிற்சிக் கணக்கு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ரத்தப் பரிசோதனை எண்கள் வேறு.

கேள்வி

55 வயது ஆண். உயரம் 165 செ.மீ., எடை 64 கிலோ, இரு கால்களிலும் வீக்கம். வீக்கம் வருவதற்கு முன் எடை 60 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. ரத்த அழுத்தம் 160/96, லோசார்டன் எடுத்துக்கொள்கிறார். கிரியேட்டினின் 3.4, ஜி.எஃப்.ஆர். 20, பொட்டாசியம் 5.8, பாஸ்பரஸ் 4.4, ஹீமோகுளோபின் 9.8. ஒரு நாள் சிறுநீர் 1200 மி.லி. காலையில் ஒரு டம்ளர் இளநீர், மூன்று வேளையும் சோறு அல்லது டிபன், தினமும் அப்பளமும் ஊறுகாயும். பி.பி. இருப்பது தெரிந்தபின் வீட்டில் லோ சோடியம் உப்புக்கு மாறியிருக்கிறார்கள். உணவுத்திட்டம் தருக.

படி 1: எண்களைப் பிரச்சினைகளாக மாற்றுங்கள்

ஜி.எஃப்.ஆர். 15 முதல் 29 வரை இருந்தால் நான்காம் நிலை. டயாலிசிஸ் தொடங்கவில்லை. புரத அளவை முடிவு செய்வது இந்த ஒரு தகவல்தான். அதனால் விடையின் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள்.

ரத்த அழுத்தமும் கால் வீக்கமும் சோடியத்தைக் குறைக்கச் சொல்கின்றன. பொட்டாசியம் 5.0-ஐத் தாண்டியிருக்கிறது, ஆகவே அதையும் குறைக்க வேண்டும். பாஸ்பரஸ் 4.4 வழக்கமான வரம்பான 2.5–4.5-க்குள் இருக்கிறது, புரதத்தைக் குறைத்தாலே அதுவும் கட்டுக்குள் நிற்கும். கோலா பானங்களையும், பாஸ்பேட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சி, சீஸ் வகைகளையும் தவிர்க்கச் சொன்னால் இப்போதைக்குப் போதும்.

ஹீமோகுளோபினைப் பார்த்ததும் முருங்கைக்கீரை, பேரீச்சை, உலர்திராட்சை, வெல்லம் என்று எழுதத் தோன்றும். இங்கே அது ஆபத்து. இந்த நிலையில் ரத்தசோகைக்கு முக்கியக் காரணம் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டினைப் போதிய அளவு சுரக்காததுதான். நீங்கள் எழுதும் அந்த நான்கிலும் பொட்டாசியம் தாராளம். இரும்புச்சத்து அளவைப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவருக்குக் குறிப்பு எழுதுங்கள்; ரத்தசோகைக்கென்று உணவில் எதையும் ஏற்ற வேண்டாம்.

படி 2: எந்த எடையை வைத்துக் கணக்கிடுவது?

64 அல்ல, 60. கூடுதலாக உள்ள 4 கிலோ, காலில் தேங்கிய நீர். நீருக்கு யாரும் கலோரியும் புரதமும் கொடுப்பதில்லை. 165 செ.மீ. உயரத்துக்கு 60 கிலோ சரியான எடையும்கூட, ஆகவே வேறு திருத்தம் தேவையில்லை.

கலோரி: ஒரு கிலோவுக்கு 30 வீதம் 1800.

புரதம்: டயாலிசிஸ் இல்லாத நிலையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை, அதாவது 36 முதல் 48 கிராம். இவருக்கு 40 கிராம் வைக்கிறேன். வீட்டுச் சமையலில் எட்டக்கூடிய அளவு அது. 36-ஐப் பிடிக்கப் போய் கலோரியும் சேர்ந்து குறைந்துவிட்டால், உடல் தன் தசையையே எரிக்கும். அதிலிருந்து வரும் யூரியா, புரதத்தைக் குறைத்ததன் பயனை அழித்துவிடும்.

திரவம்: முந்தைய நாள் சிறுநீர் 1200, அதனுடன் 500 சேர்த்து 1700 மி.லி. காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் இதற்குள் அடக்கம் என்று எழுத மறக்காதீர்கள்.

படி 3: உப்புக் கணக்கு

மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். சோடியம் 2 கிராம் என்பது உப்பு 2 கிராம் ஆகாது. சாப்பாட்டு உப்பின் எடையில் சுமார் 39 சதவீதம்தான் சோடியம், மீதி குளோரைடு. 5 கிராம் உப்பில் கிட்டத்தட்ட 2 கிராம் சோடியம் இருக்கிறது. கேள்வியில் மில்லி ஈக்குவிவலன்ட் கேட்டால் 2000-ஐ 23-ஆல் வகுங்கள்: 87.

இந்த 2000 மில்லிகிராமையும் உப்பாகக் கொடுத்துவிடக் கூடாது. பால், முட்டை, காய்கறியில் இயல்பாக உள்ள சோடியத்துக்கு 500 மி.கி. ஒதுக்குங்கள். மீதி 1500 மி.கி., அதாவது ஏறத்தாழ 4 கிராம் உப்பு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் 5 முதல் 6 கிராம் பிடிக்கும். ஆகவே முழு நாளைக்கும் முக்கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு.

இதை நோயாளிக்குச் சொல்லும் விதத்தையும் எழுதுங்கள். காலையில் அந்த அளவு உப்பை ஒரு சிறு டப்பாவில் தனியாக எடுத்து வைத்து, அவருக்கான சாம்பார், பொரியல் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து மட்டும் போட வேண்டும். இட்லி மாவில் கரைத்த உப்பையும் இதில் கழிக்க வேண்டும். சோறு உப்பில்லாமல் வடிக்கட்டும். அப்பளம், ஊறுகாய், வற்றல், கருவாடு இந்தத் திட்டத்தில் இல்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். சுவைக்கு எலுமிச்சைச் சாறு சில துளி, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை போதுமான அளவு கைகொடுக்கும்.

படி 4: பொட்டாசியம் எங்கிருந்து ஏறியது?

இந்தக் கேள்வியின் உயிர் இங்கே இருக்கிறது. லோ சோடியம் உப்பில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். பாக்கெட்டில் 30 சதவீதம் என்று போட்டிருந்தால், 5 கிராம் உப்பில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் பொட்டாசியம். ஆக, சுமார் 780 மி.கி. காலையில் குடிக்கும் 250 மி.லி. இளநீரில் இன்னும் 600 மி.கி. போல வருகிறது. இரண்டும் சேர்ந்து 1400-ஐ நெருங்குகிறது. இவருக்கு நாம் வைக்கப்போகும் வரம்பு 2000 முதல் 2500 மி.கி. நாள் முழுவதற்கான அளவில் பாதிக்கு மேல், அவர் ஒரு வாய் சோறு சாப்பிடும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

சிறுநீரகம் நன்றாக இருக்கும் பி.பி. நோயாளிக்கு அந்த உப்பு உதவலாம். ஜி.எஃப்.ஆர். 20 உள்ளவருக்கு அது கூடாது. சாதாரண உப்பையே 4 கிராம் கொடுங்கள் என்று காரணத்தோடு எழுதுங்கள். இளநீரை நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்கு நல்லது என்று பலர் குடிக்கும் வாழைத்தண்டுச் சாறும் வேண்டாம். சாறு பிழிந்தால் பொட்டாசியமும் அதோடுதான் வரும்.

லோசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்து. மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ நம் வேலை இல்லை. ஆனால் 5.8 என்ற எண்ணையும், லோ சோடியம் உப்பு விவரத்தையும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தபின் பொட்டாசியத்தில் ஒரு பங்கு குடல் வழியாகத்தான் போகிறது.

லோ சோடியம் உப்பையும் இளநீரையும் நீக்கியபின் காய்கறியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோஸ், கத்திரிக்காய், வெள்ளரி கொடுக்கலாம். உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும். நறுக்கும் அளவு முக்கியம்: துண்டு சிறிதானால் வெளியேறும் பொட்டாசியம் கூடும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து அதையே குழம்பில் சேர்த்தால் பயன் இல்லை. பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், பப்பாளி இவற்றில் ஏதாவது ஒன்று, தினம் 100 கிராம்.

படி 5: புரதத்தைப் பங்கிட்டு, கலோரி பள்ளத்தை நிரப்புதல்

புரதத்தை முதலில் பங்கிடுங்கள். அரிசி 200 கிராம் (இட்லிக்கும் சேர்த்து) 15 கிராம் புரதம் தரும். பருப்பும் உளுந்தும் சேர்ந்து 30 கிராம் என்றால் 7. பால் 200 மி.லி. 6, முட்டை ஒன்று 6, காய்கறி 300 கிராம் 4. மொத்தம் 38. நோக்கம் 40, விடைத்தாளில் இந்த நெருக்கம் போதும்.

இவற்றோடு எண்ணெய் 30 கிராமும் சர்க்கரை 20 கிராமும் சேர்த்துக் கூட்டினால் சுமார் 1430 கலோரிதான் வருகிறது. இன்னும் 370 வேண்டும், ஆனால் புரதம் ஏறக் கூடாது. இந்த இடத்தில் சாதத்தையோ சப்பாத்தியையோ கூட்டினால் புரதம் வரம்பைத் தாண்டும். புரதம் கிட்டத்தட்ட இல்லாத ஜவ்வரிசி கைகொடுக்கும்: 50 கிராமில் 175 கலோரி. எண்ணெயை இன்னும் 10 கிராம் கூட்டினால் 90. பழம் ஒன்று 60. கூட்டிப் பாருங்கள், 1755. சர்க்கரை நோய் இல்லாததால்தான் இவ்வளவு தாராளமாக நிரப்ப முடிகிறது.

ஒரு நாள் உணவு இப்படி அமையலாம். காலை காபி, மூன்று இட்லி, உப்பு குறைத்த வெங்காயச் சட்னி. முற்பகல் பழம். மதியம் சோறு, பருப்பு குறைத்த சுரைக்காய்க் கூட்டு, கோஸ் பொரியல், வேகவைத்த முட்டை. மாலை ஜவ்வரிசி உப்புமா, நிலக்கடலை போடாமல். இரவு தோசை அல்லது சோறு, புடலங்காய்ப் பொரியல். படுக்கும் முன் பால், காபிக்கு எடுத்தது போக மீதி.

துணைக் கேள்வி: ஆறு மாதம் கழித்து ஹீமோடயாலிசிஸ் தொடங்கினால்?

இதை எதிர்பார்த்தே படியுங்கள். டயாலிசிஸில் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன, தசை இழப்பும் கூடுகிறது. ஆகவே புரதம் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம், அதாவது 60 முதல் 72. பழைய திட்டத்தின் 38-உடன் மூன்று முட்டை வெள்ளைக்கரு (10 கிராமுக்குச் சற்று மேல்), 50 கிராம் மீன் (10 கிராம் போல) சேர்த்தால் 60-ஐ நெருங்கிவிடலாம். வெள்ளைக்கருவைத் தேர்ந்தெடுக்கக் காரணம், மஞ்சள்கருவில்தான் பாஸ்பரஸ் அதிகம். பழைய பயத்தில் பருப்பையும் முட்டையையும் ஒதுக்கியபடியே இருப்பவர்கள் வார்டில் நிறைய. “இப்போ சாப்பிடணும்” என்று அவர்களுக்கும் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உப்பு 4 கிராம் அப்படியே தொடரும். திரவம் மட்டும் சிறுநீரோடு சேர்ந்து இறங்கும்: சிறுநீர் 300 மி.லி. ஆகிவிட்டால் அனுமதி 800. கட்டுப்பாடு சரியாக இருக்கிறதா என்பதை இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் எடை காட்டிவிடும். ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் நீர் தங்கியிருக்கிறது. எடை ஏறிக்கொண்டே போனால் தண்ணீர் டம்ளரைக் கேட்கும் முன் உப்பு டப்பாவைக் கேளுங்கள். உப்பு கூடினால் தாகம் அடங்காது.