‘நன்றி: இணையம்’ என்று போட்ட படத்துக்குப் பதிப்புரிமைப் புகார் வந்தால்

கங்கைகொண்ட சோழபுரம் பயணம் பற்றி ஒரு பதிவு. அங்குள்ள கோயிலின் விமானம் முழுதாகத் தெரியும் படம் உங்களிடம் இல்லை. தேடியதில் கிடைத்த ஒன்றைப் போட்டு, கீழே ‘நன்றி: இணையம்’ என்று எழுதிவிட்டீர்கள். பல மாதம் கழித்து மின்னஞ்சல் வருகிறது: “அது நான் எடுத்த படம்.” இந்த ஒரு சூழலையே வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. புகார் நிஜம்தானா?

எந்தப் பக்கம், எந்தப் படம் என்று சொல்லாமல், “ஆதாரம் இந்த இணைப்பில் இருக்கிறது, திறந்து பாருங்கள்” என்று மட்டும் மிரட்டினால் திறக்காதீர்கள். இப்படிப் பதிப்புரிமை மிரட்டல் அனுப்பித் தீங்குநிரலை இறக்கவைக்கும் மோசடி பற்றி 2021-இல் மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. உண்மையான உரிமையாளர் உங்கள் பக்கத்தின் முகவரி, அவருடைய மூலப் படம் இருக்கும் இடம், தன் பெயர் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்வார். “படத்தை எடுக்க வேண்டாம், எங்கள் தளத்துக்கு ஒரு இணைப்பு கொடுத்தால் போதும்” என்று ஏதோ ஒரு வணிகத் தளத்தைக் காட்டுகிறாரா? அவர் படத்துக்குச் சொந்தக்காரர்தானா என்று இரண்டு மடங்கு சந்தேகப்படலாம்.

2. கைவைப்பதற்கு முன் சேமியுங்கள்

பதற்றத்தில் பதிவையே அழித்துவிடுவது பலரும் செய்வது. அதன்பிறகு படம் எங்கே, எந்த அளவில், என்ன குறிப்புடன் இருந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. பக்கத்தைத் தேதியுடன் திரைப்பிடிப்பு எடுங்கள். வந்த அஞ்சலையும் அழிக்காதீர்கள்.

3. படத்தின் பூர்வீகத்தைத் தேடுங்கள்

கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ படத்தை ஏற்றிப் பாருங்கள். கோயில் படங்கள் பெரும்பாலும் விக்கிமீடியா காமன்ஸில் கொண்டுபோய் விடும். அங்கே படத்தின் பக்கத்தில் எடுத்தவர் பெயரும் உரிமமும் இருக்கும். புகார் கொடுத்தவர் அவர்தானா என்று ஒப்பிடுங்கள்.

உரிமத்தின் கடைசியில் உள்ள எண்ணைக் கவனியுங்கள், விஷயமே அதில்தான். `CC BY-SA 4.0` என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால், எடுத்தவர் பெயர், மூலப் பக்க இணைப்பு, உரிம இணைப்பு, வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அந்தத் தகவல் ஆகியவற்றைக் கொடுத்து யாரும் பயன்படுத்தலாம். கொடுக்காதபோது உரிமம் உங்களைப் பொறுத்தவரை முடிந்துபோகிறது. ஆனால் தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் தானாகத் திரும்பக் கிடைக்கும். 2.0, 3.0 உரிமங்களில் இந்தச் சலுகை கிடையாது. எடுத்தவரிடம் புதிதாக அனுமதி கேட்பதே பாதுகாப்பு. 4.0-இலும்கூட, பெயரில்லாமல் இருந்த காலத்துக்காக அவர் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது.

4. நிஜமாகவே நீக்குங்கள்

உரிமையே இல்லாத படம் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். வேர்ட்பிரஸில் பதிவிலிருந்து மட்டும் எடுத்தால் கோப்பு அங்கேயே இருக்கும். `Media Library`-க்குப் போய் நிரந்தரமாக அழித்துவிட்டு, `/wp-content/uploads/` என்று வரும் படத்தின் நேரடி முகவரியைத் தனிச் சாளரத்தில் திறந்து பாருங்கள். இன்னும் படம் தெரிந்தால், புகார் கொடுத்தவருக்கும் தெரியும்.

5. பதில் எழுதுங்கள்

நான்கு வரி போதும்:

“வணக்கம். உங்கள் அஞ்சல் கிடைத்தது. நீங்கள் குறிப்பிட்ட பக்கத்திலிருந்து படத்தை இன்று நீக்கிவிட்டேன். உங்கள் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிப்பீர்களானால் தெரிவியுங்கள். நன்றி.”

“நான் இதில் காசு பார்க்கவில்லை”, “எல்லோரும்தான் போடுகிறார்கள்” போன்ற வாதங்கள் வேண்டாம். இரண்டும் அனுமதிக்கு ஈடாகாது. பணம் கேட்டால் உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். படம் அவருடையது என்பதற்கான சான்றையும் தொகையை எப்படிக் கணக்கிட்டார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தொகை பெரிதென்றால் வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

புகார் ஒரு பத்தியைப் பற்றியது என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. விமர்சிப்பதற்காகச் சில வரிகளை ஆசிரியர் பெயருடன் மேற்கோள் காட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. முழுக் கட்டுரையை எடுத்துப்போட்டு மேலே ஒரு வரி எழுதுவது மேற்கோள் ஆகாது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தென்றால் கவலையில்லை. ஆனால் அதற்கு வேறொருவர் எழுதிய முன்னுரையோ வரைந்த ஓவியமோ அதில் சேராது.

6. தளமே பதிவை முடக்கிவிட்டால்

பிளாகரில், புகார் நேராகக் கூகுளுக்குப் போனால் பதிவு வரைவு நிலைக்குத் தள்ளப்பட்டு உங்களுக்கு அஞ்சல் வரும். படத்தை எடுத்துவிட்டு மறுபடி வெளியிடலாம். அதே படத்துடன் வெளியிட்டால் கணக்குக்கே ஆபத்து.

புகார் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அதை மறுத்துக் கூகுளுக்கு அமெரிக்கச் சட்டப்படி எதிர் அறிவிப்பு கொடுங்கள். அதில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தரவேண்டும். அவை புகார்தாரருக்குப் போகும். அமெரிக்க நீதிமன்ற வரம்புக்கும் சம்மதிக்க வேண்டும். அவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலைநாளுக்குள் பதிவு திரும்பும்.