டார்ச் செயலிக்கு எதற்குக் குறுஞ்செய்தி அனுமதி?

டார்ச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்டால், மறுத்துவிட்டு அதை உடனே நீக்கிவிடுங்கள்.

கேமரா பக்கத்தில் உள்ள சின்ன விளக்கை ஏற்றி அணைப்பதுதான் அதன் மொத்த வேலை. ஆண்ட்ராய்டு 6 முதல் அதற்குக் கேமரா அனுமதிகூடத் தேவையில்லை. பழைய செயலிகள் அதைக் கேட்டால் சரி, விட்டுவிடலாம். குறுஞ்செய்தி அனுமதி அப்படியில்லை. வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்க 6 இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். அதைச் செயலி படித்து அனுப்பிவிட்டால் கணக்கு கைமாறலாம். அப்புறம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உங்கள் அத்தைக்கு, "அவசரமாக 500 ரிங்கிட் வேண்டும்" என்று உங்கள் பெயரிலேயே செய்தி போகும். அத்தையின் எண்ணைக் கொடுத்தது தொடர்புப் பட்டியல்.

ஏற்கெனவே "Allow" அழுத்திவிட்டீர்களா? போன் அமைப்புகளில் Permission manager என்று தேடி, SMS, Contacts இரண்டையும் திறந்து பாருங்கள். யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று அங்கே தெரியும். மின்தடைக்கு வேறு டார்ச் தேட வேண்டாம். திரையை மேலிருந்து இழுத்தால் போனிலேயே ஒன்று இருக்கிறது.

ஆபத்து நேரத்தில் வீட்டாருக்குச் செய்தி அனுப்பும் வசதியும் சேர்ந்த செயலி என்றால், இந்த அனுமதிகளைக் கேட்பதில் நியாயம் இருக்கலாம். ஐபோனில் எந்தச் செயலியாலும் உங்கள் குறுஞ்செய்திப் பெட்டியைப் படிக்க முடியாது. அங்கே தொடர்புப் பட்டியலை மட்டும் கவனித்தால் போதும்.