நோக்க அறிக்கையிலிருந்து ஒரு நிமிட மேனிஃபெஸ்டோ படம்: கோஷத்தைக் காட்சியாக்குவது எப்படி?

"புதுமையான தொழில்நுட்பத்தின் வழியே பாதுகாப்பான, நம்பகமான சேவையை வழங்கி, மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதே எங்கள் நோக்கம்."

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனம் இந்த வாக்கியத்தைக் கொடுத்து, இதை வைத்து ஒரு நிமிடப் படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னது. பொருளை விற்கும் விளம்பரம் இல்லை. 'நாங்கள் யார், எதற்காக இருக்கிறோம்' என்று சொல்லும் மேனிஃபெஸ்டோ படம். நான் எழுதிய முதல் வரைவில் சூரிய உதயம் இருந்தது, ஓடும் குழந்தை இருந்தது, 'நாங்கள் நம்புகிறோம்' என்று தொடங்கும் ஐந்து வரிகள் இருந்தன. லிஃப்ட் மட்டும் இல்லை! அதைக் கிழித்துப் போட்டு எழுதிய இரண்டாவது ஸ்கிரிப்ட் எப்படி வந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதப்போவது எந்தத் தொழிலுக்கென்றாலும் வழி இதுதான்.

1. அறிக்கையில் உயிருள்ள சொல்லைத் தேடுங்கள்

அறிக்கையை ஒரு தாளில் எழுதி, நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு, வேறு தொழில்களின் பெயரைப் போட்டுப் படியுங்கள். மேலே உள்ள வாக்கியத்தை மருந்து கம்பெனி சொல்லலாம், பேருந்து கம்பெனி சொல்லலாம், வங்கிகூடச் சொல்லலாம். எல்லோர் வாயிலும் பொருந்துகிற சொல்லை அடித்துவிடுங்கள். 'புதுமையான', 'தொழில்நுட்பம்', 'வாழ்க்கைத் தரம்' எல்லாம் போயின. 'பாதுகாப்பான', 'நம்பகமான' என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். அவையும் பொதுச்சொற்கள்தான். ஆனால் லிஃப்ட் விஷயத்தில் அவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு வேலை நடக்கிறது, யாரோ அதைச் செய்கிறார்கள். அந்த ஆளைத்தான் அடுத்துத் தேட வேண்டும்.

2. வேலை செய்கிறவரிடம் போய்க் கேளுங்கள்

ஆரம்பநிலையில் பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். மார்க்கெட்டிங் அறையில் உட்கார்ந்து யோசித்தால் மறுபடி சூரிய உதயம்தான் வரும். வேலை நடக்கும் இடத்தில் அரைநாள் இருந்தாலே போதும்.

கேள்வியில் கவனம் வேண்டும். "உங்களுக்குப் பாதுகாப்பு என்றால் என்ன?" என்று கேட்டால், அந்த மனிதர் நோக்க அறிக்கையையே திருப்பி ஒப்பிப்பார். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எதைச் சரிசெய்தீர்கள், உள்ளே நுழைந்ததும் முதலில் எதைத் தொடுவீர்கள், வேலை சரியாக முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"கதவு திறந்ததும் ஆளுங்க கீழே பாக்காம வெளியே போகணும் தம்பி. அவ்வளவுதான்."

"கீழே என்னண்ணே இருக்கு?"

"தரையும் லிஃப்டும் ஒரே மட்டத்துல நிக்கணும்ல? ஒரு விரக்கடை ஏறி நின்னாலும் கால் தட்டும். வீல்சேர்னா முன்சக்கரம் மாட்டிக்கும். நம்ம வேலை சரியா இருந்தா யாருக்கும் அது தெரியவே தெரியாது."

அப்புறம் அவரே விவரமும் சொன்னார். கம்பிவடம் நாளடைவில் நீளும், பிரேக் தேயும், அப்போது லிஃப்ட் நிற்கும் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். பத்து மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் அவர் விடமாட்டார். அளப்பதற்குப் பையில் ஒரு சின்ன இரும்பு அளவுகோல் வைத்திருந்தார். ஓரமெல்லாம் தேய்ந்து பளபளத்தது.

'நம்பகமான' என்ற சொல்லுக்கு எனக்குக் கிடைத்த உருவம் அதுதான்: கீழே பார்க்காமல் நடக்கும் கால்கள்.

3. கேமராவால் பிடிக்க முடியுமா?

கேட்டதை எல்லாம் காட்சிப் பட்டியலாக எழுதுங்கள். எனக்குப் பதினான்கு கிடைத்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதினேன்: யார், எந்தப் பொருளை, என்ன செய்கிறார்? பதில் வராத வரி காட்சியே இல்லை. 'மெக்கானிக்கின் அர்ப்பணிப்பு' என்று எழுதினால் ஒளிப்பதிவாளர் எதைப் படம் பிடிப்பார்? 'டார்ச் ஒளி வடத்தில் மெதுவாக ஏறுகிறது, ஓர் இடத்தில் நிற்கிறது' என்றால் பிடிப்பார். அதைப் பார்ப்பவர் அர்ப்பணிப்பைத் தானே உணர்ந்துகொள்வார்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. கைகுலுக்கல், மலையுச்சி, ஒன்றுசேரும் கைகள் இவற்றையும் கேமரா பிடிக்கும். ஆனால் இவை படமாக வரைந்த கோஷங்கள்தான். 1-ஆம் படியில் செய்த பெயர் மாற்றும் சோதனையைக் காட்சிக்கும் செய்து பாருங்கள். கைகுலுக்கலை எந்த நிறுவனமும் தன் படத்தில் வைத்துக்கொள்ளலாம். இரும்பு அளவுகோலை வைக்க முடியாது.

பிறகு பதினான்கிலிருந்து ஒன்றை முதுகெலும்பாக எடுங்கள். மற்றவை அதோடு ஒட்டினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். அவசர அழைப்பு மணி, ஸ்பேர் பார்ட்ஸ் அறை இரண்டும் நல்ல காட்சிகள்தான், ஆனால் கால்களோடு சேரவில்லை. எடுத்துவிட்டேன். மனசு வரவில்லை என்பது வேறு விஷயம்.

4. இரண்டு பத்தியில் எழுதுங்கள்

இடப்பக்கம் கண்ணுக்கு, வலப்பக்கம் காதுக்கு. படப் பத்தியை முழுவதும் எழுதி முடிக்கும்வரை குரல் பத்தியைத் தொடாதீர்கள். குரலை முதலில் எழுதினால் படம் அதற்கு எடுபிடி வேலை பார்க்கத் தொடங்கிவிடும்.

| நொடி | படம் | குரல் |
|---|---|---|
| 0–6 | தரையோடு கேமரா. லிஃப்ட் கதவு திறக்கிறது. செருப்பணிந்த கால்கள் வெளியே வருகின்றன. | (கதவின் ஓசை மட்டும்) |
| 6–14 | அதே இடம், வேறு கால்கள்: ஷூ, ஊன்றுகோல், ஒற்றைக்காலில் தாவும் குழந்தை. | இவர்கள் யாரும் கீழே பார்க்கவில்லை. |
| 14–22 | சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் வாசல் விளிம்பைக் கடக்கிறது. மடியில் இருக்கும் ஃபைல் நழுவவில்லை. | பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. |
| 22–31 | இரவு. ஆளில்லாத தளம். அதே விளிம்பில் ஒரு கை இரும்பு அளவுகோலை நிறுத்துகிறது. | ஏனென்றால், ஓர் இரவு ஒருவர் வந்து பார்த்தார். |
| 31–42 | லிஃப்டின் கூரைமேல் மெக்கானிக். டார்ச் ஒளி வடத்தில் ஏறி, ஓர் இடத்தில் நிற்கிறது. | வடம் நீண்டிருக்கிறதா என்று. பிரேக் தேய்ந்திருக்கிறதா என்று. |
| 42–49 | அளவுகோல் மறுபடி. தரையும் லிஃப்டும் ஒரே கோடு. பதிவேட்டில் '2 மி.மீ.', தேதி, கையெழுத்து. | (பேனாவின் ஓசை மட்டும்) |
| 49–57 | காலை. கூட்டத்தோடு மெக்கானிக்கும் வெளியே நடக்கிறார். அவர் மட்டும் ஒரு கணம் கீழே பார்க்கிறார். | நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். |
| 57–60 | லோகோ. | (அமைதி) |

குரலில் மொத்தம் 22 சொற்கள். முதலில் எண்பதுக்கு மேல் இருந்தது. குறைத்தது ஒரே விதியை வைத்துத்தான்: படம் சொன்னதைக் குரல் சொல்லக்கூடாது. சக்கரம் கடக்கும் இடத்தில் 'சக்கரங்கள் தடையின்றிச் செல்கின்றன' என்று எழுதியிருந்தேன். அதுதான் தெரிகிறதே, அடித்துவிட்டேன். அதற்குப் பதில் வந்த வரி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது: அந்த மனிதருக்குக் கவலைப்படத் தேவையில்லை.

கடைசி வரியும் கோஷம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், தனியாக எடுத்தால் கோஷம்தான். ஆனால் அதற்குள் 'பார்' என்ற சொல் மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணோடும் ஒரு விளிம்போடும் ஒட்டிவிட்டது. ஒரு படத்தில் இப்படி ஒரு வரிக்குத்தான் இடம் உண்டு, அதுவும் கடைசியில்.

5. உரக்கப் படித்து நேரம் பாருங்கள்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'தேய்ந்திருக்கிறதா' என்பது ஒரு சொல்தான், ஆனால் வாய்க்கு ஆறு அசை. அதனால் ஆங்கில ஸ்கிரிப்டுகளுக்குச் சொல்லும் 'நிமிடத்துக்கு இத்தனை சொல்' கணக்கு நமக்கு உதவாது. போனில் உங்கள் குரலிலேயே பதிவு செய்து, ஸ்டாப்வாட்சை வைத்துப் படப் பத்தியோடு ஓட்டிப் பாருங்கள். குரல் அடுத்த ஷாட்டுக்குள் வழிந்தால் வேகமாகப் படிக்காதீர்கள், சொல்லை வெட்டுங்கள்.

கூடவே இன்னொன்றும் செய்யலாம். படப் பத்தியை மட்டும் ஒரு நண்பருக்குப் படித்துக் காட்டி, கதை புரிகிறதா என்று கேளுங்கள். அப்புறம் குரல் பத்தியை மட்டும் படியுங்கள். குரலை மட்டும் கேட்டே எல்லாம் புரிந்துவிட்டால் படத்துக்கு வேலை இல்லை என்று அர்த்தம். "யாரு, எதை பாத்தாரு?" என்று அவர் கேட்டால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

6. தெரிந்தவர்களிடம் சரிபாருங்கள்

காட்சி துல்லியமாக ஆக ஆக, தப்பும் துல்லியமாகத் தெரியும். நான் இரண்டு இடத்தில் மாட்டினேன்.

இரவுக் காட்சியின் வரி முதலில் 'நேற்று இரவு ஒருவர் பார்த்தார்' என்று இருந்தது. காதுக்கு அதுதான் நன்றாக இருந்தது. நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஒரே கேள்வி வந்தது: "தினமும் ராத்திரி வர்றோம்னு சொல்றீங்களா?" அவர்கள் போவது மாதம் ஒருமுறை. 'ஓர் இரவு' என்று மாற்றினேன். கோஷத்தை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லை, காட்சியை எடுத்துக்கொள்வார்கள். எனவே ஒவ்வொரு காட்சிக்கும் 'இது எப்போதும் நடக்கிறதா, நிரூபிக்க முடியுமா?' என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று கூரைமேல் மெக்கானிக் நிற்கும் ஷாட். அவர் மேலே நிற்க, லிஃப்ட் விர்ரென்று ஏறுவதாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அந்த மெக்கானிக் சிரித்தார். மேலே ஏறுகிறவர் முதலில் லிஃப்டைப் பராமரிப்பு முறைக்கு மாற்றிவிடுவார். அதன்பின் அது மெதுவாகத்தான் நகரும், அதுவும் அவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை. ஹெல்மெட்டும் இல்லாமல் எழுதியிருந்தேன். பாதுகாப்பைப் பற்றிய படத்தில் அப்படி ஒரு ஷாட் போயிருந்தால் அந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் பேசியிருப்பார்கள்.

7. "புதுமை எங்கே?" என்று கேட்பார்கள்

அடித்த சொற்களைத் தேடி நிர்வாகம் கட்டாயம் வரும். வாதம் வேண்டாம். "கடந்த ஓராண்டில் வேலை செய்யும் முறையில் எதை மாற்றினீர்கள்? அதை நான் போய்ப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். காட்ட ஒரு பொருள் இருந்தால் அது ஒரு ஷாட் ஆகலாம். இந்த நிறுவனத்தில் எனக்குக் காட்டியது ஒரு புதிய மென்பொருளின் திரையை. நிறைய வரைபடம், கால்களோடு எந்த உறவும் இல்லை. அதைத் தனியாக இன்னொரு படமாக எடுக்கலாம் என்று சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். 'வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதே' என்ற வரியைக் கடைசியில் லோகோவுக்குக் கீழே எழுத்தாகப் போடச் சொன்னார்கள். சின்ன எழுத்தில் போட்டோம்.