இன்வலூட் பற்சக்கர இணையை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பற்சக்கர இணையின் சிறிய சக்கரமான பினியன் உடைந்து, அதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கியர் வெட்டும் பட்டறைக்கு எடுத்துச் சென்றால், பற்கள் எத்தனை, மாட்யூல் என்ன என்பதே அங்கே எழும் முதல் கேள்வியாக இருக்கும். இரு சக்கரங்களும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் உருள்வதாகக் கொள்ளும் கற்பனை வட்டமே பிட்ச் வட்டம்; அதன் விட்டத்தை மி.மீ.-இல் எடுத்துப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது மாட்யூல். பற்கள் 20, வெளிவிட்டம் 44 மி.மீ. என்று அளந்தவர்களில் பலர் 44-ஐ 20-ஆல் வகுத்து 2.2 என்று எழுதிவிடுகிறார்கள். வழக்கமான முழு உயரப் பல்லில், பல்லின் தலை பிட்ச் வட்டத்துக்கு வெளியே இருபுறமும் ஒரு மாட்யூல் அளவு நீண்டிருக்கும் என்பதால், பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி 22-ஆல் வகுக்க வேண்டும். அப்போது மாட்யூல் 2 என்று சரியாகக் கிடைக்கும். தலை சற்றுத் தேய்ந்து 43.8 என்று அளந்தாலும் விடை 1.99 ஆகவே வரும், அதை 2 என்று கொள்ளலாம். ஆனால் 2.12-ஐ ஒட்டி வந்தால் அதை 2-க்கு இறக்கிவிடக் கூடாது. அது அங்குல முறையில், டயாமெட்ரல் பிட்ச் 12-இல், அதாவது பிட்ச் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 12 பற்கள் என்ற கணக்கில், வெட்டிய சக்கரமாக இருக்கக்கூடும்.

இந்தப் பினியனோடு 40 பற்களுள்ள சக்கரம் இணைவதாகக் கொள்வோம். பிட்ச் விட்டங்கள் 40, 80. மைய இடைவெளி அவற்றின் கூட்டுத்தொகையில் பாதி, அதாவது 60 மி.மீ. வெளிவிட்டங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் 64 வரும். அந்த இடைவெளியில் பற்களின் நுனிகள் தொட்டுக்கொள்ளுமே ஒழிய ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளா.

சிக்கல், பெட்டியில் துளைகள் ஏற்கெனவே 61 மி.மீ. இடைவெளியில் போடப்பட்டிருக்கும்போதுதான் தொடங்குகிறது. கணினியில் மாட்யூலை 2.033 என்று மாற்றினால் மாதிரி அழகாகப் பொருந்தும். ஆனால் அந்த மாட்யூலுக்குப் பற்களை வெட்டும் கருவியான ஹாப் எந்தப் பட்டறையிலும் இருக்காது. மாட்யூல் 2-இலேயே விட்டு மையங்களை மட்டும் 61-க்கு நகர்த்தினால், பல்லின் பக்கங்களுக்குரிய வளைவான இன்வலூட் வடிவத்தின் தனிச்சிறப்பால் வேக விகிதம் துளியும் மாறாது என்றாலும், பற்கள் ஒன்றையொன்று தள்ளும் திசையின் சாய்வான இயங்கும் அழுத்தக் கோணம் வழக்கமான 20-இலிருந்து ஏறத்தாழ 22.4 டிகிரிக்கு உயர்ந்து, பற்களுக்கிடையே 0.78 மி.மீ. அளவுக்குத் தளர்வு, அதாவது பேக்லாஷ், உண்டாகும். திசை மாறி மாறிச் சுழலும் இயந்திரத்தில் இது ஏற்கத்தக்கதன்று. வேக விகிதம் சிறிது மாறினால் பாதகமில்லை என்றால் பற்களை 20, 41 என்று வைத்துக்கொள்வதே எளிய வழி. 61 அப்படியே கிடைத்துவிடும். விகிதம் சரியாக இரண்டாகவே இருக்க வேண்டுமானால், வெட்டும்போது ஹாப்பைச் சற்று வெளியே தள்ளி, இரு சக்கரங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 0.53 மாட்யூல் அளவுக்குப் பல் வடிவத்தை நகர்த்தும் புரொஃபைல் ஷிஃப்ட் முறையைக் கையாள வேண்டும்.

அடுத்த தவறு கண்ணுக்கு எளிதில் தெரியாதது. என் கருத்தில் இதுவே மிகவும் ஆபத்தானது. இன்வலூட் வளைவு அடிவட்டத்தில் தொடங்குகிறது. அடிவட்ட ஆரம், பிட்ச் ஆரத்தை அழுத்தக் கோணமான 20 டிகிரியின் கொசைனால் பெருக்கக் கிடைப்பது, இங்கே 18.794 மி.மீ. வளைவின் சமன்பாடு இது. `t` ரேடியனில் 0 முதல் 0.6085 வரை சென்றால் வளைவு வெளிவட்டத்தைத் தொடும்.

```
x = 18.794*(cos(t) + t*sin(t))
y = 18.794*(sin(t) - t*cos(t))
```

பல்லின் மறுபக்கத்தைப் பெற இதைப் பிரதிபலிக்க வேண்டும். பிட்ச் வட்டத்தில் பல்லின் பாதிக் கோணம் 90-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 4.5 டிகிரி. பலர் பிரதிபலிப்புக் கோட்டை வளைவு தொடங்கும் இடத்திலிருந்து, அதாவது x அச்சிலிருந்து, அந்த 4.5 டிகிரி தள்ளி வரைந்துவிடுகிறார்கள். ஆனால் வளைவு அடிவட்டத்திலிருந்து பிட்ச் வட்டத்தை எட்டும்போதே 0.854 டிகிரி சாய்ந்திருக்கும் என்பதால், கோட்டை 5.354 டிகிரியில் வரைய வேண்டும். இல்லாவிடில் பிட்ச் வட்டத்தில் 3.14 மி.மீ. இருக்க வேண்டிய பல்லின் தடிமன் 2.55-க்குச் சுருங்கிவிடும். ஹாப்பில் வெட்டினால் பல்லின் வடிவத்தைக் கருவியே உருவாக்குவதால் இந்தப் பிழை பொருளுக்கு வராது. வயர் கட்டிலோ 3டி பிரிண்டரிலோ நாம் வரைந்தது வரைந்தபடியே வந்து சேரும். இதைக் கண்டறிய, மாதிரியில் மூன்று பற்களைச் சேர்த்து, எதிரெதிர் வெளிப்பக்கங்களைத் தொடும் இரு இணைகோடுகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கலாம், அது 15.32 மி.மீ. இருக்க வேண்டும். டிஸ்க் மைக்ரோமீட்டரால் உண்மைச் சக்கரத்திலும் இதே அளவைச் சரிபார்க்கலாம்.

இணையைப் பொருத்தும்போது பற்கள் ஒன்றினுள் ஒன்று புகுந்து தெரிந்தால், பதறி மைய இடைவெளியைக் கூட்டக் கூடாது. இரு சக்கரங்களிலும் முதல் பல்லின் நடுக்கோடு x அச்சின் மேல் அமையுமாறு வரைந்திருந்தால், 40 இரட்டை எண் என்பதால் பெரிய சக்கரத்தில் நேர் எதிர்ப்புறமும் ஒரு பல்லே இருக்கும். பல்லும் பல்லும் மோதும். பெரிய சக்கரத்தை அரைப் பல் அளவு, அதாவது 4.5 டிகிரி, திருப்பினால் பல்லுக்கு எதிரே பள்ளம் வந்து நிற்கும். 41 பற்களானால் எதிர்ப்புறம் இயல்பாகவே பள்ளம் அமைந்துவிடுவதால் திருப்பத் தேவையில்லை.