ஒரு டிவியில் பளிச்சென்று ஓடும் எச்டிஆர் வீடியோ இன்னொரு டிவியில் ஏன் ஊதாவாகத் தெரிகிறது?

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையில் உள்ள ஒரு டெமோ வீடியோவைப் பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தேன். கடற்கரையில் சூரியன் மறையும் காட்சி. எங்கள் வீட்டு டிவியில் அந்த ஆரஞ்சு நிறம் அவ்வளவு அழகாக வரும். அக்கா வீட்டு டிவியில் போட்டால் வானமெல்லாம் பச்சை, கரையில் நடப்பவர்கள் முகமெல்லாம் ஊதா. சத்தம் சரியாக வந்தது, படமும் எங்கும் தடைபடாமல் ஓடியது. நிறம் மட்டும்தான் தப்பு.

பேனல் போய்விட்டது என்று நினைத்து அத்தான் மெக்கானிக்குக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க அத்தான், வேற சேனல் வச்சுப் பாருங்க" என்றேன். சேனல் நன்றாகவே வந்தது. பழுது டிவியில் இல்லை, கோப்பின் வகைக்கும் டிவிக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இதே குழப்பம் உங்களுக்கும் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

முதலில் வகைகள்

வெளிச்சத்தையும் நிறத்தையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் என்பது ஒரே வகை அல்ல. அடிப்படையானது எச்டிஆர்10. எச்டிஆர் என்று சொல்லி விற்கும் டிவிகள் எல்லாமே அநேகமாக இதைப் புரிந்துகொள்ளும். படம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு வெளிச்சக் குறிப்புதான் இதில் இருக்கும். டால்பி விஷனும் எச்டிஆர்10+ வகையும் காட்சிக்குக் காட்சி தனிக் குறிப்பு கொடுப்பவை. எச்எல்ஜி என்பது பிரிட்டனின் பிபிசியும் ஜப்பானின் என்எச்கேயும் ஒளிபரப்புக்காகச் சேர்ந்து உருவாக்கியது.

டால்பி விஷனை டிவியில் சேர்க்க டால்பி நிறுவனத்திடம் உரிமம் வாங்க வேண்டும். சாம்சங் டிவிகளில் அது கிடையாது. அவர்கள் எச்டிஆர்10+ பக்கம் நிற்கிறார்கள். எல்ஜியின் பல டிவிகளில் நேர்மாறாக டால்பி விஷன் உண்டு, எச்டிஆர்10+ இல்லை. இரண்டையும் தரும் டிவிகளும் இருக்கின்றன. பானாசோனிக், டிசிஎல், ஹைசென்ஸ் ஆகியவற்றின் பல மாடல்கள் அப்படிப்பட்டவை. விலை கூடிய டிவி என்றால் எல்லாமே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

டிவியைச் சோதிப்பது

டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் முழு மாடல் எண் இருக்கும். அதைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலைத் திறந்து பாருங்கள். `HDR` என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் எச்டிஆர்10 தான். `Dolby Vision`, `HDR10+`, `HLG` என்று பெயர் தனியாக இருந்தால்தான் அந்த வகை உண்டு. `Dolby Atmos` என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது ஒலிக்கானது.

நெட்ஃபிளிக்ஸ் பிரீமியம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. டிவியிலுள்ள ஆப்பில் எச்டிஆர் படம் ஒன்றின் விவரப் பக்கத்துக்குப் போங்கள். டால்பி விஷன் உள்ள டிவியில் அந்தப் பெயர் காட்டும், இல்லாத டிவியில் அதே படத்துக்கு வேறு எச்டிஆர் அடையாளம் காட்டும். டிவி எதைத் தாங்கும் என்று கேட்டுவிட்டு ஆப் அதற்கேற்ற பிரதியை அனுப்புகிறது. அதனால்தான் ஆப்பில் பார்க்கும்போது இந்த ஊதாச் சிக்கல் வருவதில்லை, பென் டிரைவில் வருகிறது. பென் டிரைவில் இருப்பது ஒரே பிரதிதானே.

கோப்பைச் சோதிப்பது

அக்கா வீட்டுச் சிக்கலுக்கு விடை இங்கேதான் இருந்தது. கம்ப்யூட்டரில் `MediaInfo` என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வீடியோவை அதில் திறந்து, `HDR format` என்ற வரியைப் பாருங்கள். என் டெமோ கோப்பில் இப்படி இருந்தது:

```
Dolby Vision, Version 1.0, dvhe.05.06, BL+RPU
```

`dvhe` என்பதற்கு அடுத்து வரும் 05 தான் முக்கியம். அது டால்பி விஷனின் 5ஆம் புரொஃபைல், அதாவது உள்வகை. (அதற்குப் பின்னால் உள்ள 06, 4கே படம் நொடிக்கு 24 பிரேம் என்ற அளவைச் சொல்கிறது, இங்கே அது தேவையில்லை.) சில கோப்புகளில் `dvh1.05` என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

வழக்கமான வீடியோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச எண்ணும் இரண்டு நிற எண்களும் ஒரு பொது முறையில் எழுதப்பட்டிருக்கும். 5ஆம் புரொஃபைல் அந்த மூன்று எண்களையும் டால்பியின் வேறொரு முறையில் எழுதுகிறது. டால்பி விஷன் தெரியாத டிவி கோப்பைத் திறந்துவிடும், ஏனென்றால் சுருக்கிய முறை எல்லோருக்கும் பொதுவான எச்இவிசி. ஆனால் நிற எண்களைப் பழைய முறையிலேயே வாசிக்கும். உருவம், அசைவு எல்லாம் சரியாக இருந்து முகம் மட்டும் ஊதாவானது இதனால்தான்.

8ஆம் புரொஃபைல் அப்படியல்ல. அந்த வரி `dvhe.08` என்று வந்து, கடைசியில் `HDR10 compatible` அல்லது `HLG compatible` என்று முடியும். அடியில் இருப்பது பொதுவான எச்டிஆர் படம், டால்பி குறிப்பு அதன்மேல் கூடுதலாக வைத்தது. தெரியாத டிவி அந்தக் குறிப்பை விட்டுவிட்டு அடிப்படத்தைக் காட்டும். எச்டிஆர்10+ கோப்பும் இதே மாதிரிதான், எச்டிஆர்10 டிவியில் பிரச்சினையில்லாமல் ஓடும்.

கமாண்ட் அடித்துப் பழகியவர்கள் இதைப் பயன்படுத்தலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_streams demo.mp4
```

விடையில் `dv_profile=5` என்று வந்தால் டால்பி விஷன் இல்லாத டிவிக்கு அது ஆகாது.

வேறு அறிகுறிகள்

படம் சாம்பல் பூசியதுபோல் மங்கலாக வந்தால் காரணம் வேறு. எச்டிஆர் படத்தைச் சாதாரணப் படமாக எண்ணி டிவி காட்டுகிறது என்று பொருள். வெளிப்பெட்டி ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகியிருந்தால், அந்தப் போர்ட்டுக்கான செட்டிங்கைப் பாருங்கள். சாம்சங்கில் `Input Signal Plus`, எல்ஜியில் `HDMI Deep Colour`, சோனியில் `HDMI signal format` என்ற பெயர்களில் இருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.

டால்பி விஷன் உள்ள டிவியிலேயே ஊதா வந்தால் கோப்பின் பெயர் `.mkv` என்று முடிகிறதா பாருங்கள். `.mp4` என்றால் மட்டுமே டால்பி குறிப்பைக் கண்டுகொள்ளும் டிவிகள் உண்டு.

இருக்கும் கோப்பை என்ன செய்வது?

5ஆம் புரொஃபைல் கோப்பைப் பெயர் மாற்றியோ `.mp4`, `.mkv` போன்ற வேறு உறைக்கு மாற்றியோ, டால்பி விஷன் இல்லாத டிவியில் சரியாக ஓட்ட முடியாது. நிற எண்களையே திரும்பக் கணக்கிட வேண்டும். கம்ப்யூட்டரில் பார்ப்பதற்கு `mpv` பிளேயர் அந்தக் கணக்கை ஓடும்போதே செய்துவிடும்:

```
mpv --vo=gpu-next demo.mp4
```

அன்றைக்கு அக்கா மகள் தன் ஐபோனில் எடுத்த கோலப்போட்டி வீடியோவையும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். ஐபோன் 12 முதல் எச்டிஆர் வீடியோ டால்பி விஷனில்தான் பதிவாகிறது, அதனால் அத்தானுக்கு நம்பிக்கையே இல்லை. வாட்ஸ்அப் வழியாக அனுப்பினால் வீடியோ மறுபடி சுருங்கிவிடும் என்பதால் கேபிள் போட்டு மூலக் கோப்பையே எடுத்தோம். `MediaInfo` வரியில் 08 என்றும் கடைசியில் `HLG compatible` என்றும் வந்தது. பென் டிரைவில் ஏற்றி அதே டிவியில் செருகினோம். மூலையில் எச்டிஆர் அடையாளம் ஒரு நொடி மின்னி மறைந்தது. கோலப்பொடியின் மஞ்சளும் சிவப்பும் வாசலில் பார்த்தபடியே இருந்தன.