ஒரே மண்டபம், ஒரே சனிக்கிழமை, இரண்டு விருந்து

எங்கள் தோட்டத்து மண்டபத்தின் பதிவைக் குழுவில் ஐந்து பேர் பார்த்துக்கொண்டோம். கூகல் காலண்டரைப் பகிர்ந்த பிறகும் ஒரு சனிக்கிழமைக்கு நிச்சயதார்த்தமும் பிறந்தநாளும் விழுந்தன. சமையல்காரர் பாத்திரத்தோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. "அண்ணே, முன்பணம் கட்டிட்டேனே!" என்றார் நிச்சயதார்த்தப் பெண்ணின் அப்பா. நான் என்ன சொல்ல?

பிறகு பார்த்தால், நிச்சயதார்த்தத்தை ஒருவர் 'All day' என்று போட்டிருக்கிறார். அது நாளின் மேலே சின்னப் பட்டையாக நிற்கும். பிறந்தநாளை மாலை 7 மணிக்குப் போட்டவர் கீழே காலியாக இருந்த இடத்தை மட்டும் பார்த்திருக்கிறார். இப்படிப் பகிர்ந்த காலண்டர் மோதலைத் தடுக்காது, இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்.

அதனால் எழுதும் உரிமையை ஒருவருக்கு மட்டும் வைத்தோம். மற்ற நால்வருக்கும் பகிர்வில் `See all event details`. அவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. கேட்பவர் வாட்சாப்பில் எழுத வேண்டும். முதலில் வந்த செய்திக்கே முன்னுரிமை. "தற்காலிகம்" என்று போட்டு வைப்போம். மூன்று நாளில் முன்பணம் வராவிட்டால் அழித்துவிடுவோம். தலைவருக்கும் இதே விதிதான், முதலில் முகம் சுளித்தார்.

'All day' இனி இல்லை. விருந்து 7 முதல் 11 என்றால், பந்தல் கட்டவும் கழுவவும் சேர்த்து 3 முதல் 12 வரை பதிகிறோம். இந்த இடைவெளி இல்லாவிட்டால் மதியக் கூட்டமும் மாலை விருந்தும் காலண்டரில் மோதாது, வாசலில் மோதும்.